சோதனை உற்பத்திக்கும் காலக்கெடு கொடுங்கள்: சிறுதொழில் கடன் மதிப்பீட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடன் மதிப்பீட்டு அதிகாரிகளுக்கு,

வணக்கம். புதிதாகத் தொடங்கப்படும் சிறு உற்பத்திக்கூடங்களின் திட்ட அறிக்கைகளைப் படித்து, எவ்வளவு கடன் தரலாம், எப்போது முதல் தவணை வசூலிக்கலாம் என்று முடிவு செய்பவர்கள் நீங்கள். வார்ப்பச்சு செய்யும் பட்டறையிலும் பிறகு இயந்திர நிறுவலிலும் வேலை பார்த்து, இப்போது அத்தகைய கூடங்களை அமைத்துத் தருபவன் நான். உங்கள் மேசைக்கு வரும் அறிக்கைகளில் சில என் கணக்குகளைக் கொண்டு தயாரானவை. அந்த அறிக்கைகளில் நிலம், கட்டடம், உரிமம், இயந்திரம், மூலப்பொருள், விற்பனை என்று எல்லாவற்றுக்கும் தலைப்பு இருக்கிறது. இயந்திரம் நிறுவப்பட்ட நாளுக்கும் வாடிக்கையாளர் முதல் மாதிரியை ஏற்றுக்கொள்ளும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு மட்டும் தலைப்பு இல்லை. நல்ல கூடங்கள் பணமின்றித் திணறுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் என்பதாலேயே இம்மடலை எழுதுகிறேன்.

பொதுவாகப் பேசினால் இது புலம்பலாகிவிடும் என்பதால், ஒரேயொரு கூடத்தை எடுத்துக்கொண்டு கணக்கோடு பேசுகிறேன். பாலிப்ரொப்பிலீனில், 60 மி.மீ. விட்டமுள்ள, டப்பாவின் வாயில் அழுத்தி மூடும் வகை மூடியை, உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் இன்ஜெக்ஷன் மோல்டிங் கூடம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இயந்திரம், நான்கு குழிகள் கொண்ட ஓர் அச்சு, குளிர்நீர் தரும் ஒரு சில்லர், ஒரு காற்றழுத்தி, ஓர் அரைப்பான். இதைவிடச் சிறியதாக ஒரு திட்டத்தைக் கற்பனை செய்வது கடினம்.

இயந்திரத் தேர்விலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் கோப்பில் முதலில் சரிபார்க்கப்படுவது இயந்திரத்தின் விலைப்புள்ளிதான். ஒரு மூடியின் முகப்பரப்பு ஏறத்தாழ 28 சதுர செ.மீ.; நான்கு மூடிகளுக்கும், குழிகளுக்குப் பிளாஸ்டிக்கைக் கொண்டுசெல்லும் வாய்க்காலான ரன்னருக்கும் சேர்த்து 123 சதுர செ.மீ. வரும். உருகிய பிளாஸ்டிக் குழிக்குள் செலுத்தும் அழுத்தத்தால் அச்சு பிளந்துவிடாமல் இறுக்கிப் பிடிக்க, இந்தப் பொருளுக்கும் இந்தச் சுவர்த் தடிமனுக்கும் ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 0.4 டன் என்று எடுத்தால் 49 டன் தேவை. பாதுகாப்புக்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 60 டன். ஆகவே 60 டன் இயந்திரம் போதும் என்று தாளில் முடிந்துவிடுகிறது. ஆனால் நான்கு குழிகளையும், அவற்றைச் சுற்றி ஓடும் குளிர்நீர்ப் பாதைகளையும், வழிகாட்டித் தூண்களையும் வைத்து அச்சை வரைந்து பார்த்தால் அதன் அகலம் 350 மி.மீ. ஆகிறது. 60 டன் இயந்திரங்களில் பலவற்றில் இரண்டு தூண்களுக்கு இடையிலான இடைவெளி அதைவிடக் குறைவு. அச்சு உள்ளேயே இறங்காது. எனவே இறுக்கு விசைக்காக அல்லாமல், அச்சு நுழைவதற்காகவே 100 டன் இயந்திரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அச்சின் வரைபடம் முடியாமல் இயந்திரத்தின் அளவை உறுதியாகச் சொல்ல முடியாது. மூடியின் வரைபடத்தை வாடிக்கையாளர் உறுதிசெய்யாமல் அச்சை வரைய முடியாது. நீங்களோ கடன் விண்ணப்பத்துடனேயே இயந்திர விலைப்புள்ளியைக் கேட்கிறீர்கள். அதனால் தொழில்முனைவோர் ஊகத்தில் ஒரு விலைப்புள்ளி வாங்கி இணைக்கிறார். பிறகு இயந்திரம் மாறும்போது, நீங்கள் அதைத் திட்டத்தில் ஏற்பட்ட விலகலாகப் பார்க்கிறீர்கள். உண்மையில் திட்டம் அப்போதுதான் உருப்பெறுகிறது.

உரிமங்களின் பக்கமும் அதே முடிச்சு இருக்கிறது. அவற்றின் பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் அநேகமாக எங்கும் அவை இரண்டு கூட்டமாகப் பிரியும். கூடத்தை அமைப்பதற்கு முன் பெறவேண்டிய அனுமதிகள் ஒரு கூட்டம்: நிலப் பயன்பாடு, கட்டட வரைபடம், தீப்பாதுகாப்பு, சுற்றுச்சூழல் இசைவு, மின்சுமை ஒதுக்கீடு போன்றவை. இயந்திரங்களை நிறுவிய பின், ஆய்வாளர் வந்து பார்த்துத் தரும் இயக்க அனுமதிகள் மற்றொரு கூட்டம். முதல் கூட்டத்துக்கான விண்ணப்பத்தில் இயந்திரப் பட்டியலையும், அன்றாட உற்பத்தி அளவையும், இணைக்கப்படும் மின்சுமையையும் எழுதித் தரவேண்டும். 60 டன் இயந்திரம் 100 டன்னாக மாறினால் அதன் பம்ப் மோட்டாரும் சூடேற்றிகளும் பெரிதாகின்றன, சில்லரும் அதற்கேற்பப் பெரிதாகிறது, ஒதுக்கீடு பெற்ற மின்சுமை போதாமல் போகிறது. திருத்தக் கடிதம் எழுத வேண்டும். சில இடங்களில் விண்ணப்பத்தையே புதிதாகத் தர வேண்டும். நான் பார்த்த ஒரு கூடத்தில் இயந்திரம் வந்திறங்கிய பிறகும், திருத்தப்பட்ட மின்சுமைக்காக அது பல வாரம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்குள் இன்னொரு சிறிய கண்ணியும் உண்டு. இயக்க அனுமதி வரும்வரை உற்பத்தி கூடாது என்பது விதி. ஆனால் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்காமல் சோதனை நடத்த முடியாது. சோதனை ஓட்டத்துக்கென்று தனி அனுமதி தரும் முறை இருக்குமிடத்தில் அதை முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், பலர் கேட்பதில்லை. உங்கள் சரிபார்ப்புத் தாளில் இயக்க உரிமத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே சோதனை ஓட்ட அனுமதிக்கும் ஒரு கட்டத்தைச் சேர்த்தால், பலருக்கு அந்தக் கேள்வி உரிய நேரத்தில் நினைவுக்கு வரும்.

இயந்திரம் நிறுவப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளரின் பொறியாளர் வருகிறார், இயந்திரத்தை வெறுமனே ஓட்டிக் காட்டுகிறார், பிறகு தாம் கொண்டுவந்த ஒரு சிறிய அச்சைப் பூட்டிச் சில துண்டுகளை வார்த்துக் காட்டுகிறார். நிறுவல் நிறைவுச் சான்றிதழில் கையெழுத்தாகிறது. அந்தத் தாள் உங்களிடம் வந்ததும், திட்டம் 'உற்பத்திக்குத் தயார்' என்ற நிலைக்கு நகர்த்தப்படுகிறது, மீதித் தொகை விற்பனையாளருக்கு விடுவிக்கப்படுகிறது. ஆனால் அந்தச் சான்றிதழ் சொல்வதெல்லாம், இயந்திரம் யாரோ ஒருவருடைய அச்சில் ஏதோ ஒரு பொருளை வார்க்கும் என்பது மட்டுமே. நம் மூடியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

நம் மூடியின் சோதனை என்பது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் அது ஏன் ஒரு நாளில் முடியாது என்பது அங்கேதான் புரியும்.

அச்சு முதன்முதலாக இயந்திரத்தில் ஏறும் நாளில், குளிர்நீர்ப் பாதைகள் கசிகின்றனவா, தள்ளு ஊசிகள் சிக்காமல் போய்வருகின்றனவா என்பதைத்தான் முதலில் பார்ப்போம். பிறகு பிளாஸ்டிக்கை வேண்டுமென்றே குறைவாகச் செலுத்தி, பாதி நிரம்பிய மூடிகளை எடுப்போம். நான்கு குழிகளும் ஒரே வேகத்தில் நிரம்புகின்றனவா என்பது அந்த அரைகுறைத் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியும். ஒரு குழி முக்கால் நிரம்பியிருக்கும்போது இன்னொன்று பாதியில் நின்றால், அந்த இரண்டு மூடிகளும் ஒரே எடையிலும் ஒரே அளவிலும் வரப்போவதில்லை. அதை இயந்திரத்தின் அமைப்பை மாற்றிச் சரிசெய்ய முடியாது. அச்சைக் கழற்றி, பிளாஸ்டிக் குழிக்குள் நுழையும் வாயான கேட்டைத் திருத்த வேண்டும்.

நிரம்புதல் சமமானதும், எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிப்பது என்ற கேள்வி வருகிறது. கேட் உறைந்து மூடிக்கொள்ளும்வரை அழுத்தம் நீடிக்க வேண்டும். அதற்கு முன் விட்டால் உள்ளே போன பிளாஸ்டிக் கொஞ்சம் பின்வாங்கும், மூடியில் குழிவு விழும். இதைக் கண்டுபிடிக்கத் தராசு போதும். அழுத்தும் நேரத்தை 2 நொடியில் தொடங்கி ஒவ்வொரு நொடியாகக் கூட்டிக்கொண்டே மூடியை எடை போடுவோம். எடுத்துக்காட்டாக 6.62, 6.81, 6.94, 6.99, 6.99 கிராம் என்று எடைகள் வந்தால், ஐந்தாவது நொடியில் எடை நிலைக்கு வந்துவிட்டது, அதாவது கேட் உறைந்துவிட்டது என்று பொருள். அதற்குச் சற்று மேலே நேரத்தை வைப்போம். இதைச் செய்யாமல், மூடி பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று 3 நொடியில் நிறுத்திக்கொண்டால், அன்றைக்கு எதுவும் தெரியாது. அறையின் வெப்பமோ மூலப்பொருளின் தொகுதியோ மாறும் நாளில் அளவுகள் அலையத் தொடங்கும்.

அடுத்தது சுருக்கம். காலத்தை அதிகம் தின்பது இதுதான். பாலிப்ரொப்பிலீன் குளிரும்போது பொதுவாக 1 முதல் 2 விழுக்காட்டுக்கு மேல்வரை சுருங்கும். பொருளின் வகை, சுவரின் தடிமன், அழுத்தம், அச்சின் வெப்பம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். அச்சு செய்பவர் 1.5 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டு குழியைப் பெரிதாக வெட்டுகிறார். உண்மையில் சுருக்கம் 1.7 ஆக இருந்தால், 60 மி.மீ. விட்டத்தில் 0.12 மி.மீ. குறைவாக வரும். டப்பாவின் வாயில் 'டக்'கென்று உட்காரும் மூடிக்கு வாடிக்கையாளர் அனுமதிக்கும் அளவு விலகல் 0.15 மி.மீ. என்றால், எஞ்சியிருப்பது வெறும் 0.03. மூலப்பொருளின் அடுத்த மூட்டை அதையும் விழுங்கிவிடும்.

மேலும், இந்தப் பிளாஸ்டிக் இயந்திரத்திலிருந்து வெளியே வந்ததும் சுருங்குவதை நிறுத்திவிடுவதில்லை. அதன் படிகங்கள் தொடர்ந்து உருவாவதால் அடுத்த ஒன்றிரண்டு நாட்களுக்கு அளவு மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். சூடாக எடுத்த மூடியை அளந்து 'சரியாக இருக்கிறது' என்று எழுதுவது, வேகவைத்துக்கொண்டிருக்கும்போதே சோற்றை எடை போட்டு அரிசிக் கணக்கு எழுதுவதைப் போன்றது. குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் ஓரிடத்தில் வைத்த பிறகே அளக்க வேண்டும். ஆகவே ஒரு சோதனை ஓட்டம் அரை நாளில் முடிந்தாலும் அதன் முடிவு மூன்றாம் நாள்தான் தெரியும். முடிவு தவறாக இருந்தால் அச்சு பட்டறைக்குப் போகிறது. இரும்பை வெட்டி எடுப்பது எளிது, வெட்டியதை மீண்டும் சேர்ப்பது கடினம் என்பதால், நல்ல அச்சுக்காரர் முதலில் கொஞ்சம் இரும்பை மிச்சம் விட்டே வெட்டியிருப்பார். அதாவது முதல் சோதனையில் அளவு பொருந்தாமல் போவது அவர் வேலையின் குறையாகாது, திட்டமிட்டு வைத்த நிலை அது. வெட்டித் திரும்ப இரண்டு வாரம் ஆகலாம். மீண்டும் சோதனை, மீண்டும் காத்திருப்பு. மூன்று சுற்றுகள் என்பது வழக்கமான எண்ணிக்கை. அவற்றுக்கு எட்டு முதல் பத்து வாரங்கள் ஒதுக்குவது நியாயமான மதிப்பீடு.

இந்தக் காலத்தில் செலவாகும் மூலப்பொருள் மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள். ஒரு மூடி 7 கிராம், நான்குக்கு 28, ரன்னர் 6. ஒருமுறை வார்ப்பதற்கு, அதாவது ஒரு ஷாட்டுக்கு, 34 கிராம். முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்கு 8 கிலோவுக்குச் சற்று மேல்தான் போகும். எல்லாச் சோதனைகளுக்கும் சேர்த்துச் சில மூட்டைகள் போதும். பணம் போவது வேறு வழியில்: இயந்திரம் ஓட்டுபவரின் சம்பளம், வாடகை, ஒதுக்கப்பட்ட மின்சுமைக்கான நிலைக்கட்டணம், அச்சுத் திருத்தம், ஆய்வகக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலாக வட்டி. மூலப்பொருளின் அளவை வைத்து நடைமுறை மூலதனத்தைக் கணக்கிடும் உங்கள் வாய்பாட்டில் இந்தச் செலவுகள் தென்படுவதே இல்லை.

மூன்றாம் சுற்றில் அளவுகள் பொருந்திய பிறகு மாதிரிகள் வாடிக்கையாளரிடம் போகின்றன. அவர் அளவை மட்டும் பார்ப்பவராக இருந்தால் விரைவில் முடியும். ஆனால் அவருடைய தானியங்கி மூடும் இயந்திரத்தில் சில ஆயிரம் மூடிகளை ஓட்டிப் பார்ப்பார், நிரப்பிய டப்பாவைக் கவிழ்த்து வைத்துக் கசிவு பார்ப்பார், மேலிருந்து விழச்செய்து பார்ப்பார். உள்ளே வைக்கப்படும் பொருளைப் பொறுத்து ஆய்வகச் சான்றும் கேட்பார். நான்கு குழிகளின் மூடிகளையும் தனித்தனியே, குழி எண்ணோடு அளந்து தரச் சொல்வார். சொல்லாவிட்டாலும் நாம் அப்படித்தான் தர வேண்டும். மூன்று குழிகள் நன்றாக இருந்து ஒன்று மட்டும் எல்லையில் இருக்கும்போது, எல்லாவற்றையும் கலந்து சராசரி எடுத்தால் அந்த ஒன்று மறைந்துபோகும். பிறகு அது வாடிக்கையாளரின் மூடும் வரிசையில், நூற்றுக்கு இருபத்தைந்து மூடிகளாக வெளிவரும்.

இப்போது நாட்காட்டியைப் பார்ப்போம். நிறுவலுக்கும் இயக்கிப் பார்ப்பதற்கும் இரண்டு வாரம், சோதனைச் சுற்றுகளுக்கு ஒன்பது, வாடிக்கையாளரின் பரிசோதனைக்கு நான்கு, முதல் தொகுதியைச் செய்து அனுப்ப இரண்டு, பணம் வர 60 நாள் கடன் என்றால் எட்டரை வாரம். மொத்தம் இருபத்தைந்தரை வாரம், ஏறக்குறைய ஆறு மாதம். இது எதுவும் தவறாகப் போகாதபோது ஆகும் காலம். நீங்கள் வழங்கும் தவணை விடுப்பும் பெரும்பாலும் ஆறு மாதந்தான். ஆனால் அது இயந்திரத்துக்கான முன்பணத்தை விடுவித்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. முன்பணம் கொடுத்து இயந்திரம் வந்துசேர மூன்று நான்கு மாதங்கள் போய்விட்டால், முதல் தவணை கேட்கப்படும்போது அச்சு இரண்டாம் சுற்றுத் திருத்தத்துக்காகப் பட்டறையில் இருக்கும். தவணையைக் கட்ட, மூலப்பொருளுக்காக வைத்திருந்த பணம் எடுக்கப்படும். வாடிக்கையாளர் இறுதியில் மாதிரியை ஏற்று முதல் தொகுதிக்கான ஆர்டரைத் தரும்போது, மூட்டை வாங்கக் கையில் பணம் இருக்காது. கூடம் ஓடத் தயாரான அதே வாரத்தில், உங்கள் ஏட்டில் அது தவணை தவறிய கணக்காக இருக்கும்.

முதல் ஆர்டர் வந்ததும் திட்ட அறிக்கையில் உள்ள உற்பத்தி தொடங்கிவிடும் என்ற எண்ணத்தையும் கைவிட வேண்டும். அறிக்கையில் ஒரு ஷாட்டுக்கு 15 நொடி என்று இருக்கும். மணிக்கு 240 ஷாட், 960 மூடி. நாளுக்கு 20 மணி நேரம், மாதம் 25 நாள் என்று பெருக்கினால் 4.8 லட்சம் மூடிகள். இந்த எண்ணை யாரும் பொய்யாக எழுதவில்லை. பழகிய ஆட்களோடு, நிலைப்பட்ட அச்சோடு, நல்ல குளிர்நீரோடு அதை எட்டலாம். ஆனால் தொடக்கத்தில் 22 நொடியில் ஓட்டுவதுதான் பத்திரம், ஒரு ஷிஃப்டுக்கு மேல் ஆள் இருக்காது, நிறுத்தங்களுக்கு நூற்றுக்குப் பதினைந்தையும் கழிவுக்கு நான்கையும் கழித்தால் மாதம் 1.07 லட்சம் மூடிகள் வரும். அறிக்கையின் எண்ணில் அது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. வாடிக்கையாளரும் அதைவிட அதிகம் கேட்கப்போவதில்லை: பழைய சப்ளையரை வைத்துக்கொண்டே, புதியவருக்குத் தம் தேவையில் ஒரு சிறு பங்கைத் தந்து பார்ப்பதுதான் எந்தக் கொள்முதல் அதிகாரியும் செய்வது.

சுவர்த் தடிமனைப் பற்றி ஒரு சொல். குளிரும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப வளரும். மூடியின் சுவர் 1.5 மி.மீ. என்பது வாடிக்கையாளரின் பேச்சில் 2 மி.மீ. ஆனால், குளிர்நேரம் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். ஆண்டு வருவாய்க் கணக்கு முழுவதையும் சாய்த்துவிடக்கூடிய இந்த மாற்றம் வரைபடத்தின் ஒரு மூலையில் நடக்கிறது. அறிக்கையோடு மூடியின் வரைபடத்தையும் கேட்டு, அதில் வாடிக்கையாளரின் ஒப்புதல் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

ரன்னரும் அப்படித்தான். ஒவ்வொரு ஷாட்டிலும் 34 கிராமில் 6 கிராம் ரன்னராகப் போகிறது, ஏறத்தாழ 18 விழுக்காடு. அதை அரைத்து மீண்டும் பயன்படுத்துவதாக அறிக்கைகள் எழுதுகின்றன. வாடிக்கையாளர் அரைத்த பொருள் கூடாது என்று சொன்னால், அதை விற்கத்தான் முடியும், மூடியாக்க முடியாது. மூலப்பொருள் செலவு அந்த ஒரு நிபந்தனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடும்.

இனி, நான் கேட்பது என்னவென்று சொல்கிறேன். தவணை விடுப்பை இயந்திர முன்பணத்தின் நாளிலிருந்து எண்ணாமல், வாடிக்கையாளர் மாதிரியை எழுத்தில் ஏற்ற நாளிலிருந்து எண்ணுங்கள். அது முடிவில்லாமல் நீளக்கூடாது என்பது நியாயம். நிறுவலிலிருந்து இத்தனை மாதத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால் விடுப்பு முடிந்துவிடும் என்று ஓர் உச்சவரம்பை வைத்துக்கொள்ளுங்கள். திட்டச் செலவில் சோதனை உற்பத்தி என்று ஒரு தலைப்பைத் திறந்து, மேலே சொன்ன சம்பளம், திருத்தம், ஆய்வகம் ஆகியவற்றை அதில் எழுத விடுங்கள். நடைமுறை மூலதனத்தை ஒரே தவணையாக இயந்திரத்தோடு விடுவிப்பதைவிட, சோதனைக்கு ஒரு சிறு பகுதியையும், ஒப்புதல் கடிதம் வந்த வாரத்தில் பெரும் பகுதியையும் விடுவிப்பது உங்களுக்கும் பாதுகாப்பு. இயந்திர விலையில் ஒரு பகுதியை, விற்பனையாளரின் அச்சில் ஓட்டிக் காட்டியதற்காகக் கொடுத்துவிடாமல், நம் சொந்த அச்சு ஒரு முழு ஷிஃப்ட் ஓடி முடியும்வரை நிறுத்திவைக்கும் நிபந்தனையை விற்பனை ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். சிறு தொழில்முனைவோர் தனியாகக் கேட்டால் விற்பனையாளர் சம்மதிப்பது அரிது. பணம் கொடுப்பவர் கேட்டால் சம்மதிப்பார்.

இன்னொன்றும் உண்டு, அதுவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நீங்கள் ஆர்டர் கடிதம் கேட்கிறீர்கள். மாதிரியைப் பார்க்காமல் வாடிக்கையாளர் ஆர்டர் தரமாட்டார். இயந்திரம் இல்லாமல் மாதிரி இல்லை. கடன் இல்லாமல் இயந்திரம் இல்லை. இந்த வட்டத்தை வெட்ட ஒரு வழி இருக்கிறது. நான்கு குழி அச்சுக்கு முன்பாக, அதே இரும்பில் ஒரேயொரு குழி கொண்ட சிறிய அச்சைச் செய்து, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேறொருவரின் இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து வார்க்கலாம். ஒற்றை மூடிக்கு 12 டன் இறுக்கு விசையே போதும் என்பதால் எந்தச் சிறிய இயந்திரமும் இதற்குப் பொருந்தும். அந்த மூடிகளை 48 மணி நேரம் வைத்து அளந்தால், இந்தப் பொருளும் இந்த வடிவமும் உண்மையில் எவ்வளவு சுருங்குகின்றன என்பது தெரிந்துவிடும்; வாடிக்கையாளர் கையில் எடுத்துப் பொருத்திப் பார்த்து, வரைபடத்தில் தாம் சொல்ல மறந்ததைச் சொல்வார்; ஆய்வகச் சோதனையைப் பொருளின் அளவில் முடித்துக்கொள்ளலாம். நான்கு குழிகளும் சமமாக நிரம்புமா என்பதை இது சொல்லாது, குளிர்நேரத்தையும் தோராயமாகவே சொல்லும். நான்கு குழி அச்சு வந்த பின் மீண்டும் ஒப்புதல் வாங்கவேண்டும். ஆனால் அது அளவுச் சரிபார்ப்பாகச் சுருங்கும், மூன்று சுற்று பெரும்பாலும் இரண்டாகும். எல்லாவற்றையும்விட, இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, மாதிரி ஏற்கப்பட்டது என்று வாடிக்கையாளர் எழுதிய ஒரு தாள் உங்கள் கோப்பில் இருக்கும்.

இந்த ஒற்றைக் குழி அச்சின் செலவு திட்டத்தில் மிகச் சிறியது. இருந்தும் இன்றைய விதிகளில் அதைத் தொழில்முனைவோர் தம் கைக்காசில் செய்யவேண்டியிருக்கிறது. செய்தாலும், கடன் அனுமதிக்கு முந்தைய செலவு என்று சொல்லி அவருடைய பங்கு மூலதனத்தில்கூட அதைச் சேர்க்க மறுக்கும் கிளைகளைப் பார்த்திருக்கிறேன். ரசீதும் மாதிரியும் இருந்தால் அதை அவருடைய பங்காக ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தச் செலவைச் செய்தவர், உங்களிடம் வருவதற்கு முன்பே தம் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்.

சோதனைக் காலம் என்று சொல்லிக்கொண்டு சிலர் தவணையைத் தள்ளிப்போடுவார்களே என்ற உங்கள் ஐயம் எனக்குத் தெரியும். உண்மையாகச் சோதனை நடக்கும் கூடத்தில் அதன் தடயங்கள் இருக்கும். கள ஆய்வுக்கு வரும்போது குழிவாரி அளவுத் தாளைக் கேளுங்கள். அதில் வார்த்த நேரமும் அளந்த நேரமும் தனித்தனியே இருந்து, இடையில் ஒரு நாளாவது கடந்திருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தும் நேரத்துக்கு எதிராக மூடியின் எடையை எழுதிய பக்கத்தைக் கேளுங்கள். அச்சு பட்டறைக்குப் போய்வந்த சீட்டில், எந்தக் குழியில் எத்தனை மில்லிமீட்டர் வெட்டப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும். சோதனை ஓட்டங்களின் அரைகுறை மூடிகள் எண்ணிட்ட பைகளில் இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல், 'இன்னும் செட் ஆகவில்லை' என்ற ஒற்றைச் சொல் மட்டும் கிடைத்தால், உங்கள் ஐயம் சரியானதுதான், விடுப்பை நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தத் தாள்கள் இருக்கும் கூடத்துக்கு மேலும் ஆறு வாரம் கொடுப்பதில் உங்களுக்கு உள்ள இடர், அதன் இயந்திரத்தை ஏலத்தில் விற்பதைவிடக் குறைவு: சிறிய ஏலங்களில் அச்சுக்குப் பழைய இரும்பின் விலைதான் கிடைக்கும், ஏனெனில் அந்த மூடியை வாங்கும் வாடிக்கையாளர் அச்சோடு சேர்ந்து ஏலத்துக்கு வருவதில்லை.

இந்த மடலில் உள்ள கணக்குகளை உங்கள் தொழில்நுட்ப ஆலோசகர்களிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். உலோகத் தகடு வளைக்கும் கூடத்துக்கும், ரப்பர் வார்க்கும் கூடத்துக்கும் எண்கள் மாறும். எனவே சோதனைக் காலத்துக்கு எல்லாத் துறைக்கும் ஒரே மாத எண்ணிக்கையை வைக்காமல், விண்ணப்பதாரர் தம் பொருளுக்கான சோதனைச் சுற்றுகளையும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நாட்களையும் எழுதித் தரும்படி விண்ணப்பப் படிவத்தில் ஒரு பக்கத்தைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறு உற்பத்திக்கூடங்களை நிறுவித் தரும் ஒரு பொறியாளர்